வினா: நிலச்சீர்திருத்தம் கிராமச் சமூகத்திலும் வேளாண் உற்பத்தியிலும் ஏற்படுத்திய விளைவுகளை ஆராய்க.

ஜமீன் ஒழிப்பு, குத்தகைப் பாதுகாப்பு, நில உச்சவரம்பு ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் நிலச்சீர்திருத்தம் என்கிறோம். மூன்றும் ஒரே அளவுக்குப் பலன் தரவில்லை. உழுதவனை அதிகம் நிமிர வைத்தது குத்தகைப் பாதுகாப்புதான் என்பது என் கருத்து.

1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை, நிலக்காரரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. கடலூரை உள்ளடக்கிய அன்றைய தென்னாற்காடு பெரும்பாலும் ஏற்கெனவே ரயத்துவாரிதான். அதனால் இங்கே பெரிய மாற்றம் 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1956 நியாய வாரச் சட்டமும் வந்த பிறகுதான். நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றது முதல் சட்டம். நிலக்காரர் பங்குக்கு வரம்பு கட்டியது இரண்டாவது சட்டம். அந்தப் பங்கு பின்னர் விளைச்சலில் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

உற்பத்தி உயர்ந்தது எப்படி? காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் பாசனத்தில் மூன்று ஏக்கர் குத்தகை செய்தவர் என் தாத்தா. அடுத்த போகம் நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாத வரை வயலுக்கு ஒரு வண்டி எரு கூட அடிக்க மனம் வராதாம். குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் வரப்பை உயர்த்தினார், மேட்டைச் சமப்படுத்தினார். மேற்கு வங்கத்தில் 1978-இல் பங்குச் சாகுபடியாளர்களைப் பதிவு செய்த பிறகு விளைச்சல் உயர்ந்ததை ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் நம் பக்கம் அதே காலத்தில் புது நெல் ரகங்களும் உரமும் பம்புசெட்டும் வந்துவிட்டன. எல்லாப் புகழையும் சட்டத்துக்கே கொடுப்பது சரியில்லை.

உச்சவரம்பு ஏமாற்றம்தான். 1961-இல் ஐந்து பேர் குடும்பத்துக்கு, நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் 30 தர ஏக்கர், 1970-இல் 15 என்று குறைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நிலங்கள் பினாமி பெயர்களுக்குப் போயின. விலக்குகளும் ஏராளம்.

கூலித் தொழிலாளிக்கு நிலம் அதிகம் வரவில்லை. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்டது, நிலம் கையில் இருந்தவரின் பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்பதற்குச் சாட்சி. 1971-இன் குடியிருப்பு உரிமைச் சட்டத்தை நான் மிக முக்கியமாகக் கருதுவது இதனால்தான். மிராசுதாரர் மனையில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனையே சொந்தமானது. கூலி கேட்டால் 'குடிசையைப் பிரி' என்று மிரட்டும் வழி அடைபட்டது.

சீர்திருத்தம்தான் நிலத்தைத் துண்டாக்கியது என்பாரும் உண்டு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஒருவர் கையில் உள்ள சாகுபடி நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர்தான். ஆனால் அதற்குப் பெரிய காரணம் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பாகப்பிரிவினை. இன்றைய உண்மையான குறை வாய்மொழிக் குத்தகை. கையில் எழுத்து இல்லாததால், சிட்டா, அடங்கல் கேட்கும் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அந்த உழவர் இன்னும் நிலக்காரரின் கையை எதிர்பார்த்துத்தான் நிற்கிறார்.