மாலை நேர எழுத்தறிவு வகுப்பு: தன்னார்வலர் பயிற்சி, முதல் அமர்வுத் திட்டம்

நாள்: சனிக்கிழமை, பிற்பகல் 3.00 – 6.00
பங்கேற்போர்: 16 தன்னார்வலர்கள், 2 பயிற்சியாளர்கள்
தேவை: சிலேட்டு 8, பலப்பம், ‘படம்’ என்று எழுதிய நீள அட்டை 36, கத்தரிக்கோல் 4, எழுத்து அட்டைகள் (ப, ட, ம, ட், ம் தலா 4), கரும்பலகை, சாக்பீஸ்

3.00 – 3.30 எழுதப் படிக்கத் தெரியாத அரை மணி

பயிற்சியாளர் தானே உருவாக்கிய ஐந்து குறிகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் ஒலியையும் ஒரே ஒருமுறை, வேகமாகச் சொல்கிறார். பிறகு அந்தக் குறிகளால் மூன்று சொற்கள் எழுதி, ஒவ்வொருவராக எழுந்து படிக்கச் சொல்கிறார். பலர் சிரித்துச் சமாளிப்பார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் யாருக்கும் உதவ வேண்டாம். அதன்பின் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எழுந்து நின்றபோது என்ன தோன்றியது? வரும் பதில்களை அப்படியே பலகையில் எழுதி, அமர்வு முடியும்வரை அழிக்காமல் விடவும். முதல் இரண்டு வாரம் யாரையும் தனியாகப் பலகைக்கு அழைக்கக் கூடாது என்பதன் காரணத்தை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்காது.

3.30 – 4.30 மாதிரிப் பாடம்: ‘படம்’

கற்போருக்குத் தமிழ் தெரியும். வரிவடிவம் மட்டுமே புதிது. ஆகவே அ, ஆ-வில் தொடங்கி 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதில்லை. அப்படித் தொடங்கினால் முதல் சொல்லைப் படிக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பலர் நின்றுவிடுவார்கள். ட, ப, ம நேர்கோடும் எளிய வளைவுமாக இருப்பதால் கைக்கும் எளிது.

1. ஒரு படத்தைக் காட்டி ஐந்து நிமிடம் பேச விடுங்கள். ‘படம்’ என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.
2. அட்டையைக் காட்டி, சொல்லின் அடியில் விரலை ஓட்டி மூன்று முறை வாசியுங்கள்.
3. அட்டையை அவர்கள் கண்முன் ப, ட, ம் என வெட்டிக் கலைத்து, சேர்க்கச் சொல்லுங்கள்.
4. ‘ப’ இடத்தில் ‘ம’ வைத்தால் மடம். நடுவே ‘ட்’ செருகினால் பட்டம், மட்டம். ஒரே மாலையில் நான்கு சொல்.

இரண்டு இடத்தில் இடறும். ‘படம்’ என்பதில் மென்மையாக ஒலிக்கும் ட, ‘பட்டம்’ என்பதில் ஏன் வல்லோசையாக மாறுகிறது என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. இலக்கண விதி சொல்லாமல் படம்–பட்டம், மடம்–மட்டம் என இணையாகச் சொல்ல வையுங்கள். காது ஏற்கெனவே அறிந்ததுதான். அடுத்தது புள்ளி. ‘ம’ சொன்னால் உதடு திறக்கும், ‘ம்’ சொன்னால் மூடியே நிற்கும் என்று உணரச் செய்தால் மறக்காது.

எல்லாவற்றையும்விடக் கெடுப்பது அவசரம். கற்பவர் தயங்கினால் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். இரண்டாவது நொடியில் விடையை எடுத்துக் கொடுத்தால் அவர் எழுத்தை விட்டு உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார். இதை நான்கு பேர் கொண்ட குழுக்களாக, ஒருவர் கற்பித்து, இருவர் கற்பவராக நடித்து, ஒருவர் நொடி எண்ணி, முறை மாற்றிப் பழகவும்.

4.30 – 4.45 தேநீர்

4.45 – 5.20 கண், கை, வெளிச்சம்

நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குக் கிட்டப் பார்வை மங்கியிருக்கும். ‘மண்டையில் ஏறவில்லை’ என்று அவர்கள் சொல்வது பல நேரம் கண்ணாடி இல்லாததால்தான். அட்டையைக் கையை நீட்டித் தள்ளிப் பிடிப்பவரைக் குறித்துக்கொண்டு, கண் பரிசோதனைக்குப் போகத் தனியே சொல்லுங்கள். பலகையில் எழுத்து 8 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் பலகையில் விழும்.

உழைத்துக் காய்த்த கை பென்சிலை அழுத்தி முனையை ஒடிக்கும். முதல் வாரம் சிலேட்டு, பலப்பம் போதும். கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து உங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டுங்கள்.

கையெழுத்துப் போடத்தான் பலர் வருவார்கள். மறுக்க வேண்டாம். ஆனால் பெயரைக் கோலம்போல் வரையப் பழக்கினால், அதோடு நின்றுவிடுவார்கள். பெயரில் உள்ள ப, ம போன்ற எழுத்துகளைப் பாடத்தில் வரும்போதெல்லாம் அவரையே அடையாளம் காட்டச் சொல்லுங்கள்.

சிறு வயதில் சிறிது படித்தவர்கள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வைத்த ‘லை’, ‘னை’ எழுதக்கூடும். அது பிழையல்ல, பழைய வடிவம் என்று சொல்லிப் புதியதைக் காட்டவும்.

5.20 – 5.40 எண்கள்

மனக்கணக்கில் அவர்கள் தேர்ந்தவர்கள். கூட்டல் கற்பிக்க வேண்டாம். எழுதுவதில்தான் சிக்கல்: முந்நூற்று ஐந்தைக் கேட்டபடியே 3005 என்பார்கள். நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டம் வரைந்து நிரப்பச் சொன்னால் நேராகும்.

5.40 – 6.00 திங்கள்கிழமைக்கான ஏற்பாடு

வகுப்பு இரவு 7.00 – 8.15. முதல் பத்து நிமிடம் எப்போதும் பழைய பாடம். தாமதமாக வருபவர் எதையும் இழக்க மாட்டார். அக்கா, அண்ணா, அம்மா, ஐயா, வயதுக்கேற்ப, எப்போதும் ‘நீங்கள்’. இரண்டு நாள் வராதவரிடம் எல்லார் முன்னும் காரணம் கேட்காதீர்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய் அன்றைய சொல் அட்டையைக் கொடுத்து வாருங்கள். ஒவ்வொருவரும் வெட்டாத ‘படம்’ அட்டை இரண்டு வாங்கிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுச் செல்லவும்.