மிச்சத் திருகாணிகள்

பணியிலிருந்து ஓய்வு பெற்ற இந்த 9 ஆண்டுகளில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் கை படாத கடிகாரம் ஒன்றுகூட இல்லை. கூலியாக ஒரு காசும் வாங்கியதில்லை. அந்த உழைப்பை இங்குள்ளவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

தொழில் இரகசியம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டினாலும் மூன்று நான்கு திருகாணிகளும், சில வேளைகளில் ஒரு பல்சக்கரமும் மிஞ்சும். தயாரிப்பவர்கள் தாராள மனத்துடன் தேவைக்கு மேல் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படி மிஞ்சியவை என்னிடம் இரண்டு டப்பா நிறைய இருக்கின்றன. அவற்றைத் தூசி தட்டும்போதெல்லாம் என் மனைவி பெருமூச்சு விடுவாள். கணவனின் கைத்திறனை அவள் வாய்விட்டுப் புகழ்கிறவள் அல்லள்.

என் பெயர் பரவியது மூன்றாம் மாடி ஆசிரியர் வீட்டில்தான். அங்கே அவருடைய தாத்தா காலத்து ஊசல் கடிகாரம் ஒன்று, நாளுக்கு அரை நிமிடம் பின்தங்கிக்கொண்டிருந்தது. ஊசலின் நீளம் ஏறத்தாழ 99 செ.மீ. இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர ஒரு வினாடி பிடிக்கும். நீளம் குறையக் குறைய ஓட்டம் வேகமெடுக்கும். ஆசிரியரும் இதை அறிந்தவர்தான். குண்டின் அடியிலுள்ள மரையைச் சற்றே மேலே திருகினால் போதும் என்று இரண்டு முறை சொன்னார். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் ஊசல் தண்டில் ஒரு சாண் அளவு வெட்டி எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. பின்தங்கும் பேச்சுக்கே இடமில்லை. வெட்டிய துண்டை அவர் கையில் கொடுத்தபோது, அதை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. நன்றி சொல்லச் சொல் கிடைக்காத நிலையை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

இப்போதெல்லாம் நான் பையை எடுத்துக்கொண்டு படியேறத் தொடங்கியதுமே, கீழ்வீட்டுச் சிறுவன் எனக்கு முன்னால் பாய்ந்தோடி ஒவ்வொரு கதவாகத் தட்டி, “தாத்தா வர்றாரு! தாத்தா வர்றாரு!” என்று கட்டியம் கூறுகிறான். உள்ளே நாற்காலிகள் இழுபடும் ஓசையும், எதையோ அவசரமாக அலமாரியில் வைத்துப் பூட்டும் ஓசையும் கேட்கும். வீட்டை ஒழுங்குபடுத்தாமல் என்னை வரவேற்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. கதவு திறந்ததும் பார்த்தால், எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே உயரத்தில் சாயம் மங்காத வட்டம் ஒன்று தெரிகிறது. அதன் உச்சியில் வெறும் ஆணி இருக்கிறது. எட்டு வீட்டாரும் கலந்துபேசி ஒரே மாதிரி அலங்காரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பது இந்தக் குடியிருப்பின் ஒற்றுமைக்குச் சான்று. கைக்கடிகாரம் கட்டும் பழக்கத்தையும் பலர் விட்டுவிட்டார்கள். நான் பேசத் தொடங்கினால் அவர்களுடைய இடக்கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பெரியவர் முன்னே அடக்கமாக நிற்கத் தெரிந்தவர்கள்.

எனக்கு 70 வயது நிறைந்த நாளில், நவம்பர் முதல் வாரத்தில், எல்லோரும் சேர்ந்து மொட்டைமாடியில் எனக்கொரு பரிசை நிறுவினார்கள். கல் மேடையின்மேல் ஒரு நிழற்கடிகாரம். சக்கரம் இல்லை, சுருள்வில் இல்லை, சாவி இல்லை. “இதில் கழற்றுவதற்கு எதுவுமே இல்லை, ஐயா” என்று ஆசிரியர் மூன்று முறை சொன்னார். எனக்கு இனியாவது ஓய்வு கிடைக்கட்டும் என்ற கரிசனம் அது. எல்லோரும் கைதட்டினார்கள், என் மனைவிதான் அதிக நேரம் தட்டினாள்.

மறுநாள் சரிபார்த்தேன். வானொலி சொன்ன நேரத்தைவிட நிழல் 16 நிமிடம் முந்தியிருந்தது. ஆசிரியரிடம் சொன்னபோது, பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்வாகவும் இருப்பதால் சூரியனே ஆண்டின் இந்த நாள்களில் அவ்வளவு முந்தும், பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்தும் என்று விளக்கினார். கொடுத்த பரிசில் குறை இருப்பதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டுச் சூரியன்மேல் பழிபோடுகிறார். நான் வற்புறுத்தவில்லை. நிழல் தரும் தகட்டை நான்கு திருகாணிகள் பிடித்திருக்கின்றன. பார்த்த மாத்திரத்திலேயே அவற்றில் ஒன்று மிச்சம் என்பது தெரிந்துவிட்டது. தகட்டைச் சற்றே வளைத்தால் கணக்கு நேராகிவிடும்.

இன்று காலை திருப்புளியைப் பையில் வைத்தபோதே சிறுவன் படியேறி ஓடும் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் மொட்டைமாடிக் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. திருடர்களிடமிருந்து என் பரிசைக் காக்க எவ்வளவு முன்யோசனை! சாவி அடுத்த வீட்டில் இருப்பதாக ஒவ்வொரு வீட்டாரும் சொல்கிறார்கள். எட்டு வீட்டையும் இரண்டு சுற்று வந்துவிட்டேன். அந்தப் பொறுப்பைத் தாங்கும் தகுதி தமக்கில்லை என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். பரவாயில்லை, பூட்டைப் பார்த்தேன், அதிலும் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன.