சரோஜா அக்காவை வழியனுப்பும் பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிற்கிறவர்கள் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காருங்கள். மைக் செட் வேண்டாம் என்று சொன்னதே அக்காதான். "நாலு வீட்டுக்குக் கேட்டா போதாதா, சைதாப்பேட்டை முழுக்கக் கேக்கணுமா?" என்றார். அதனால் சத்தமாகவே பேசுகிறேன்.

சரோஜா அக்காவும் அண்ணனும் இந்தத் தெருவுக்கு 1995இல் வந்தார்கள். அண்ணனுக்கு ரயில்வேயில் வேலை, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் வீடு கிடைக்காமல் இங்கே மாடி போர்ஷனுக்கு வந்தார்கள். பதினொரு மாச ஒப்பந்தம். அதைப் புதுப்பித்துப் புதுப்பித்தே முப்பது வருஷம் ஓடிவிட்டது. வாடகை வீட்டில் இவ்வளவு காலம் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். இப்போது வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள். அக்கா ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகிறார்.

அக்கா சண்டைக்காரி என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. இல்லை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் எதற்காகச் சண்டை போட்டார் என்பதைச் சின்னப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2004 கோடை ஞாபகம் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள். குழாயில் காற்றுதான் வந்தது. மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவோம். திரும்பி வந்தால் நம் குடம் பத்தடி பின்னால் நகர்ந்திருக்கும். அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வீட்டு வாரியாக எழுத ஆரம்பித்தார். ஒரு வீட்டுக்கு முதல் சுற்றில் இரண்டு குடம், எல்லாரும் பிடித்த பிறகு மிச்சம் இருந்தால் அடுத்த சுற்று. குடத்துக்குப் பதில் கல்லை வைத்து இடம் பிடித்தால் செல்லாது. கோடி வீட்டுப் பாட்டி வரிசைக்கே வர முடியாது, அவருக்கும் நோட்டில் ஒரு வரி இருந்தது. அந்தக் குடத்தை யார் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது என்பதும் எழுதியிருந்தது. அதற்காகத் தெருவில் பாதிப் பேரிடம் வாய்த்தகராறு. தன் வீட்டுக்கு ஒரு குடம் கூடுதலாக அவர் பிடித்ததை நான் பார்த்ததில்லை.

அப்புறம் 2015 டிசம்பர். அடையாறு நம் வாசலுக்கே வந்துவிட்டது. கீழ் வீட்டு நாலு குடும்பமும் அக்காவின் இரண்டு அறைக்குள் ஏறினோம். கரண்ட் இல்லை, போன் இல்லை, கழிவறை ஒன்றே ஒன்று. வரிசை போட அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே குக்கரில் வைத்தார். அதை இன்று நினைத்தாலும் நாக்கில் ருசி வருகிறது. ஊறுகாய்கூட இல்லை, சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் வடிந்ததும் என் பையனின் பிளஸ் டூ மார்க் ஷீட்டைச் சேற்றிலிருந்து எடுத்தோம். என் மனைவி அழுதுகொண்டே இருந்தாள். அக்கா பரணிலிருந்து பழைய கரி இஸ்திரிப் பெட்டியை இறக்கினார். கொட்டாங்குச்சியைக் கரியாக்கிப் போட்டு, மார்க் ஷீட்டுக்கு மேலும் கீழும் நியூஸ்பேப்பர் வைத்து, ஜாக்கெட்டுக்கு மடிப்பு எடுக்கிற மாதிரி மெல்ல மெல்லத் தேய்த்தார். பேப்பர் ஈரமானால் மாற்றுவார், திரும்பத் தேய்ப்பார். ஒரு ஓரம் மட்டும் லேசாகக் கருகியது. அந்த மார்க் ஷீட்டைக் காட்டித்தான் அவன் இஞ்சினியரிங் சேர்ந்தான். அதன் பிறகு தெருவே பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தது. இரண்டு நாள் தேய்த்தார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்குத் திட்டினார்.

சரி, புகழ்ந்தது போதும். அக்கா தைத்துக் கொடுக்கிற ஜாக்கெட் விஷயத்துக்கு வருவோம். "வெள்ளிக்கிழமை தரேன்" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்ல மாட்டார். இங்கே எத்தனை கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்குக் கொக்கி தைத்திருக்கிறார் என்று பெண்களைக் கேளுங்கள்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் என்னுடைய இந்தப் பேச்சு அளவுக்குத்தான் வரும். ஆனால் விடியற்காலையில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை கூடவே நடக்கிறவர் அவர்தான்.

அக்கா, தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உங்களுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்திருக்கிறோம். எவ்வளவு ஆச்சு என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பதால் ஜாக்கெட்டை வெளியே தைக்கக் கொடுத்தோம். சொன்ன தேதிக்குக் கொடுத்துவிட்டார்கள். கை சரியாக இருக்காது என்று இப்போதே உங்கள் முகத்தில் தெரிகிறது. பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் குளிர் அதிகம். அண்ணனுக்கு ஸ்வெட்டர் மேலேயே எடுத்து வையுங்கள். வண்டி காலையில் ஆறு மணிக்கு வருகிறது. பையன்கள் ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். தையல் மிஷினைக் கடைசியில் ஏற்ற வேண்டும், அதுதான் அங்கே முதலில் இறங்க வேண்டுமாம், உத்தரவு. இப்போது எல்லாரும் மொட்டைமாடிக்கு வாருங்கள். இலை போட்டாச்சு, வடை ஆறுகிறது.