அனுமதியின்றி நடந்த கார்ட் பரிவர்த்தனைகள்: கார்டை உடனே நிரந்தரமாக முடக்கக் கோரும் முறைப்பாடு

14 ஜூலை 2025, திங்கட்கிழமை
வெள்ளவத்தை, கொழும்பு 06

முகாமையாளர்,
கார்ட் முறைப்பாட்டுப் பிரிவு, தலைமை அலுவலகம்.
பிரதி: கிளை முகாமையாளர், வெள்ளவத்தை.

அன்புடையீர்,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். 4417 என்று முடியும் என் டெபிட் கார்டை இந்தக் கடிதம் கிடைத்தவுடன் நிரந்தரமாக முடக்குங்கள். தற்காலிகமாக நிறுத்திவைப்பது போதாது. அந்த இலக்கத்தை முழுமையாக இரத்துச் செய்து, வேறு இலக்கத்தில் புதிய கார்ட் தர வேண்டும். பழைய இலக்கம் எந்த இணையக் கடையிலாவது, எந்தக் கைபேசியிலாவது சேமிக்கப்பட்டிருந்தால் அந்த இணைப்பையும் துண்டியுங்கள். புதிய இலக்கம் எந்த வணிகருக்கும் தானாகப் போய்ச் சேரக் கூடாது. முடக்கிய திகதியையும் நேரத்தையும் எழுத்தில் தாருங்கள். இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கான காரணம் கீழே இருக்கிறது: முடக்கிவிட்டோம் என்று உங்கள் அலுவலர் என்னிடம் சொன்ன பிறகும் இந்தக் கார்டில் பணம் போயிருக்கிறது.

நடந்தவை நேர வரிசையில்:

ஜூலை 10, வியாழன், மாலை 6.35. காலி வீதியிலுள்ள சுப்பர் மார்க்கட்டில் 4,285 ரூபாய்க்குச் சாமான் வாங்கினேன். கார்டைக் கையில் வைத்து நானே பின் இலக்கத்தை அழுத்தினேன். இது என்னுடைய பரிவர்த்தனை. இதையும் இதற்கு முந்தைய எதையும் நான் மறுக்கவில்லை.

இரவு 9.47. 1 டொலர், அதாவது 306.20 ரூபாய் கழிந்ததாகக் குறுந்தகவல் வந்தது. வெளிநாட்டு இணையக் கடை ஒன்றின் பெயர் அதில் இருந்தது. அந்தக் கடையில் நான் ஒருபோதும் எதுவும் வாங்கியதில்லை. திருடிய கார்ட் இலக்கம் வேலை செய்கிறதா என்று முதலில் இப்படிச் சிறு தொகையில் பார்ப்பது மோசடிக்காரர்களின் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இரவு 9.52, மறுபடி 9.55. ஒவ்வொரு தடவையும் 189 டொலர், தலா 57,871.80 ரூபாய். அதே கடை, அதே தொகை, இடையில் மூன்றே நிமிடம். என் கணக்கிலிருந்து இதற்கு முன் வெளிநாட்டுக் கொள்வனவு எதுவும் நடந்ததில்லை. அப்படியிருக்க, இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தபோது உங்கள் கண்காணிப்பு முறை ஒன்றையாவது ஏன் தடுக்கவில்லை?

இந்த மூன்றில் எதற்கும் எனக்கு ஓ.டி.பி. வரவில்லை. கார்ட் என் கைப்பையில் இருந்தது, நான் வீட்டில் இருந்தேன். பின் இலக்கத்தையோ கார்டின் பின்புற மூன்று இலக்கங்களையோ யாரிடமும் சொன்னதில்லை. சந்தேகமான இணைப்பு எதையும் அழுத்தவுமில்லை.

இரவு 10.20. உங்கள் ஹொட்லைனுக்கு அழைத்தேன். எசல போயா விடுமுறை நாள் என்பதால் கிளைக்குப் போக வழியில்லை. பேச ஒருவர் கிடைத்தபோது மணி 10.41. அந்த அலுவலர் என் அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்த்தார். அப்புறம், “கார்டை புளொக் பண்ணியாச்சு மிஸ், இனிப் பயப்பட வேண்டாம்” என்றார். உரையாடல் பதிவாகிறது என்று அழைப்பின் தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். ஆகவே அந்தப் பதிவு உங்களிடம் இருக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி, காலை 6.18. அதே கடையின் பெயரில் 99 டொலர், 30,313.80 ரூபாய் கழிந்தது. உடனே உங்கள் செயலியைத் திறந்து பார்த்தேன். கார்ட் ‘செயலில் உள்ளது’ என்றே காட்டியது. நேரம் தெரியும்படி அந்தத் திரையைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். பின்னர் செயலியிலேயே கார்டை நானே நிறுத்தினேன்.

காலை 9.10. வெள்ளவத்தைக் கிளைக்குச் சென்று மறுப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்ட முத்திரையுடன் அதன் பிரதி என்னிடம் உண்டு. அங்கிருந்த அலுவலர் மரியாதையாகப் பேசினார். ஆனாலும் “ஓ.டி.பி. இல்லாமல் போயிருக்காது, யாருக்காவது சொல்லியிருப்பீர்கள்” என்றார். அன்று பிற்பகல் வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு பதிவு செய்தேன்.

மறுக்கும் நான்கு பரிவர்த்தனைகளின் மொத்தம் 146,363.60 ரூபாய். இவற்றுக்காக வெளிநாட்டு நாணய மாற்றுக் கட்டணம் ஏதும் தனியாக அறவிடப்பட்டால் அதையும் சேர்த்தே மறுக்கிறேன்.

கிளை அலுவலர் சொன்னதற்கு ஊகத்தால் அல்ல, பதிவால் பதில் கிடைக்க வேண்டும். ஓ.டி.பி. அனுப்பப்பட்டது என்றால் எந்தக் கைபேசி இலக்கத்துக்கு, எத்தனை மணிக்கு, எந்தத் தொகைக்கு என்று காட்டுங்கள். கணக்கில் பதிவாகியிருப்பது 38 என்று முடியும் என் இலக்கம்தான். அது அன்றிரவு முழுக்க என் கையில் வேலை செய்துகொண்டிருந்தது, கழிவுக் குறுந்தகவல்கள் எல்லாம் அதில்தான் வந்தன. கடைக்காரர் ஓ.டி.பி. சரிபார்ப்பே இல்லாமல் பணத்தை எடுத்திருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் கார்ட் இலக்கம், காலாவதித் திகதி, பின்புற இலக்கங்கள் மட்டுமே போதும். அப்படி நடந்திருந்தால் வாடிக்கையாளர் ஓ.டி.பி.யைக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வெள்ளிக்கிழமைக் கழிவு வேறு வகை. அதற்கு வியாழன் இரவே அனுமதி வழங்கப்பட்டு, காலையில்தான் கணக்கில் ஏறியது என்று நீங்கள் விளக்கக்கூடும். சரி, அப்படியானால் அனுமதி கோரப்பட்ட சரியான நேரத்தை இலங்கை நேரப்படி தாருங்கள். அது 10.41க்குப் பிற்பட்டது என்றால், முடக்கும்படி நான் கேட்ட பின்னர் போன பணம் அது. அதற்கான பொறுப்பு வங்கியுடையது. அந்தத் தொகையை மற்ற விசாரணை முடியும்வரை காத்திருக்கவிடாமல் உடனே திருப்பிச் செலுத்துங்கள்.

மற்ற மூன்றுக்கும் கார்ட் வலையமைப்பின் ஊடாகச் சார்ஜ்பேக் கோரிக்கையைத் தாமதமின்றிப் பதியுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. உள்ளக விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டால் இழப்பு எனக்குத்தான். கோரிக்கை பதிந்த திகதியையும் அதன் இலக்கத்தையும் அறியத் தாருங்கள்.

இது என் சம்பளக் கணக்கு. நாளை 15ஆம் திகதி வீட்டு வாடகை இதிலிருந்துதான் ஸ்டாண்டிங் ஓர்டரில் போக வேண்டும். மீதியிருப்பது அதற்குப் போதாது. மறுக்கப்பட்ட தொகையைத் தற்காலிக வரவாகவேனும் இன்றே கணக்கில் வையுங்கள். அது முடியாவிட்டால், பணமின்றித் திரும்பும் அந்தக் கட்டளைக்கு அபராதம் அறவிடாதீர்கள்.

ஹொட்லைன் உரையாடல் பதிவையும் நான்கு பரிவர்த்தனைகளின் அனுமதிப் பதிவுகளையும் அழியாமல் பாதுகாத்து வையுங்கள். விசாரணைக்குப் பொலிஸார் அவற்றைக் கேட்கலாம். இந்த வகைக் குற்றத்துக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதனங்கள் மோசடிகள் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது.

முறைப்பாட்டைப் பெற்றுக்கொண்டதற்கான இலக்கத்தை இன்றும், கார்ட் முடக்கப்பட்டதற்கான உறுதிப்படுத்தலை அதனுடனும் அனுப்புங்கள். மற்றவற்றுக்கு ஜூலை 28ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் மேலே கேட்ட நேரங்கள் இல்லாவிட்டாலோ, இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு அனுப்புவேன்.

இணைப்புகள்: நான்கு குறுந்தகவல்களின் படங்கள், ஹொட்லைன் அழைப்பு நேரம் தெரியும் கைபேசிப் பதிவு, செயலித் திரையின் படம், மறுப்புப் படிவத்தின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஜூலை மாதக் கணக்குக் கூற்று.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ந. சுகந்தினி
(4417 என்று முடியும் கார்டின் உரிமையாளர்)