நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, இரண்டாம் பருவ முன்னேற்ற அறிக்கை: திருத்தி எழுதிய ஆசிரியர் குறிப்பு

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

உங்கள் மகளின் அறிக்கையில், “கணக்கில் கவனம் போதாது. தமிழில் பிழைகள் அதிகம். வகுப்பில் பேசுவதில்லை. இன்னும் முயல வேண்டும்” என்று எழுதியிருந்தேன். எதை முயல வேண்டும் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. விடைத்தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: தொகுத்தறி மதிப்பீட்டில் 60க்கு 31. குறைவுதான். ஆனால் காரணம் கவனக்குறைவு இல்லை; அப்படி எழுதியது என் தவறு. கூட்டல், பெருக்கல் வாய்ப்பாடு எல்லாம் சரியாக வருகின்றன. 562 − 238 போன்ற கழித்தலில் கடன் வாங்கிச் சரியாகவே செய்கிறாள். நடுவில் பூஜ்யம் வந்தால் மட்டும் தடுமாறுகிறாள். 503 − 287க்கு 384 என்று எழுதியிருக்கிறாள். பூஜ்யத்திடம் கடன் வாங்க முடியாதே என்று, ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள். சரியான விடை 216. இதே பிழை ஐந்து கணக்குகளில் இருக்கிறது. இந்த ஒன்று புரிந்தால் ஐந்தும் சரியாகிவிடும்.

வீட்டில் ஐந்து நூறு ரூபாய் நோட்டும் மூன்று ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்து, 287 ரூபாய் தரச் சொல்லுங்கள். சில்லறை போதாது என்று அவளே சொல்வாள். அப்போது ஒரு நூறைப் பத்து பத்து ரூபாயாகவும், அதில் ஒரு பத்தைப் பத்து நாணயமாகவும் மாற்றிக் கொடுங்கள். நோட்டு இல்லையென்றால் காகிதத்தில் எழுதி வெட்டிக்கொண்டாலும் போதும். வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடம். வகுப்பில் குச்சிக்கட்டுகளை வைத்து நானும் இதையே செய்கிறேன்.

தமிழ்: சொல்வதெழுதுதலில் 20க்கு 13. தவறிய ஏழில் ஆறு, ல, ள, ழ மாறியவை. ‘மழை’யை ‘மலை’ என்றும், ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்றும் எழுதுகிறாள். தினமும் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ஒன்று: பாட்டி வீட்டுக் கோழியைப் பற்றி அவளாகவே அரைப்பக்கம் எழுதியிருந்தாள். அடைகாக்கும் கோழி கூடையை விட்டு எப்போது எழும், எப்போது எழாது என்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் எழுத்து அது. எழுத்துப்பிழை இருந்தாலும் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன்.

ஆங்கிலமும் மற்ற பாடங்களும் வகுப்புக்கேற்ற நிலையில் உள்ளன, கவலை இல்லை.

கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்லத் தயங்குகிறாள், உண்மை. ஆனால் குழுவில் உட்கார்ந்தால், பக்கத்துப் பிள்ளைக்குப் புரியும்வரை விளக்குகிறாள். அதனால் இந்தப் பருவத்தில் முதலில் குழுவிலும், பிறகு கரும்பலகைக்குப் பக்கத்திலும் பேச வைக்கப் போகிறேன். வீட்டில் இதற்காக அவளைக் கண்டிக்க வேண்டாம்.

ஒன்பது நாள் விடுப்பில் நான்கு நாள், கழித்தல் பாடம் நடந்த வாரத்தில் வந்தவை. அந்தப் பக்கங்களைக் குறித்து நோட்டில் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை 4.15க்கு உங்களில் ஒருவர் வர முடிந்தால், விடைத்தாளை வைத்துக்கொண்டே பேசலாம். வேலை நாளாக இருந்தால் சனிக்கிழமை காலை அழையுங்கள்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை, 4 ‘ஆ’