பொருள்: ரெஸ்யூம் போட்டோ எடிட்டிங் – இயல்பாக இருக்க வேண்டும், முகம் மாறக் கூடாது

வணக்கம் சுகன்யா மேடம்,

என் பெயர் மாதேஷ், ஊர் காவேரிப்பட்டணம். ஓசூரில் என்னோடு வேலை பார்த்த குமரேசன்தான் உங்கள் மெயில் ஐடி கொடுத்தார். அவருடைய ரெஸ்யூமில் இருக்கும் போட்டோ நீங்கள் சரிசெய்து கொடுத்தது என்றார். அவர் சொல்லும்வரை அது எடிட் பண்ணின போட்டோ என்றே எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்த மாதிரிதான் வேண்டும்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். வண்டிக்கான உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். அந்த யூனிட்டை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பத்தை விட்டுப் போக முடியாததால் இப்போது ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமே சீனியர் இன்ஸ்பெக்டர், குவாலிட்டி இன்ஜினியர் வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். கன்சல்டன்சியில் ஃபார்மல் போட்டோ வைத்த ரெஸ்யூமை வரும் சனிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள்.

போட்டோவே இல்லையா என்று கேட்பீர்கள். ஸ்டுடியோவில் எடுத்த ஒன்று இருக்கிறது. அதையும் old_studio.jpg என்ற பெயரில் இணைத்திருக்கிறேன், எப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காக. என்னைக் கேட்காமலேயே முகத்தை வெள்ளையாக்கி, கன்னத்தை வழவழவென்று தேய்த்து, கழுத்துக்குக் கீழே யாருடையதோ ஒரு கோட்டும் டையும் ஒட்டிக் கொடுத்தார்கள். தோள் ஒரு பக்கம் பார்க்கிறது, தலை ஒரு பக்கம் பார்க்கிறது. கழுத்து மட்டும் என் நிறத்திலேயே விட்டுப்போயிருக்கிறது. ஒரு இன்டர்வியூவில் ஹெச்.ஆர். மேடம் ரெஸ்யூமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரெஸ்யூமைப் பார்த்தார். "இது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தார். ஆதார் போட்டோவில் யாரும் நன்றாக இருந்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு அதில்தான் நான் என் மாதிரி இருந்தேன். அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்விகளில் என் கவனமே போகவில்லை.

அதனால் இந்த முறை வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று, தம்பியின் போனில் காலை வெளிச்சத்தில் எடுத்தோம். மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும் என்று குமரேசன் சொன்னதால் போனிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஃபைலையே மெயிலில் வைத்திருக்கிறேன்.

IMG_2041.jpg பக்கத்தில் வந்து எடுத்தது. அதில் மூக்கு பெரிதாகவும் காது பின்னால் போன மாதிரியும் இருப்பதால் அது வேண்டாம் என்று நினைக்கிறேன். IMG_2043.jpg ஆறேழு அடி தள்ளி நின்று, கொஞ்சம் ஜூம் செய்து எடுத்தது. முக அமைப்பு அதில்தான் சரியாக இருக்கிறது, பார்வையும் நேராக இருக்கிறது. ஆனால் கண்ணாடியின் இடது பக்கத்தில் வாசல் வெளிச்சம் பளிச்சென்று அடித்துக் கண்ணில் பாதி தெரியவில்லை. IMG_2044.jpg அதே இடத்தில் அடுத்த நொடியில் எடுத்தது. தலை லேசாகக் குனிந்ததால் கண்ணாடியில் வெளிச்சம் இல்லை, ஆனால் வாய் ஏதோ சொல்ல வந்த மாதிரி திறந்திருக்கிறது. 2043-ஐ வைத்துக்கொண்டு, அந்த இடது கண்ணை மட்டும் 2044-இலிருந்து எடுத்துப் பொருத்த முடியுமா? இரண்டு படத்திலும் தலைச் சாய்வு கொஞ்சம் வேறு என்பதால் கண் விலகித் தெரியும் என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் போட்டு மறுபடி எடுத்து அனுப்புகிறேன். கண்ணைப் புதிதாக வரைய மட்டும் வேண்டாம். கண்ணாடியையும் எடுத்துவிட வேண்டாம், அது இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை.

அடுத்தது நிறம். எங்கள் தாழ்வாரத்துச் சுவர் கிளிப்பச்சை. அந்தப் பச்சை என் இடது தாடையிலும் காதுக்குக் கீழேயும் அடித்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் சட்டைக் காலரின் இடது முனைகூட லேசாகப் பச்சையாகத் தெரியும். சட்டை வெள்ளை, துவைத்து இஸ்திரி போட்டது, நீலம் போடவில்லை. அதனால் காலரை வைத்து நிறத்தைச் சரிபார்க்க உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். முகம் முழுவதையும் ஒரே அளவில் மாற்றினால் வலது கன்னம் சிவந்துவிடுமோ என்று சந்தேகமாக இருக்கிறது. பச்சை அடித்த இடத்தில் மட்டும் எடுத்தால் போதும் என்பது என் எண்ணம், முறை உங்களுக்குத்தான் தெரியும்.

என் நிறம் என்ன என்று பார்ப்பதற்கு outdoor_ref.jpg என்று ஒரு படம் வைத்திருக்கிறேன். கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் மர நிழலில் எடுத்தது. என்னை நேரில் பார்ப்பவர்களுக்கு நான் அந்த நிறத்தில்தான் தெரிவேன். அதைவிட ஒரு துளி வெளுப்பும் வேண்டாம் மேடம். முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் கூட்டலாம், குறிப்பாகக் கண்ணுக்குக் கீழேயும் மோவாய்க்குக் கீழேயும் நிழல் அதிகமாக இருக்கிறது. வெளிச்சம் கூட்டுவது வேறு, வெளுப்பாக்குவது வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகத்தில் கூட்டினால் கழுத்திலும் காதிலும் அதே அளவுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகத்தில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் வேலையில் பர் எடு என்றால் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை மட்டும்தான் எடுப்போம். அதோடு பீஸின் அளவும் குறைந்துவிட்டால் ரிஜெக்ட். இதிலும் அப்படித்தான். மோவாயில் இருக்கும் பரு அடுத்த வாரம் போய்விடும், அதை எடுத்துவிடலாம். அன்று காலை ஷேவ் பண்ணும்போது கீறின சின்னக் கோடும் அப்படியே. இடது புருவத்தில் முடி முளைக்காமல் இருக்கும் தழும்பு சின்ன வயதிலிருந்தே இருப்பது, இருக்கட்டும். கிருதாவில் இரண்டொரு நரை இருக்கிறது, அதுவும் இருக்கட்டும். நெற்றி மேலே ஏறியிருப்பதை முடி வைத்து நிரப்ப வேண்டாம். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் நைட் ஷிஃப்ட் கொடுத்தது. அதை முழுவதும் எடுத்தால் கண் ஒட்ட வைத்த மாதிரி ஆகிவிடும், பாதி குறைத்தால் நன்றாகத் தூங்கி எழுந்த ஆள் மாதிரி இருப்பேன். கன்னத்தில் ஷேவ் பண்ணின இடத்தில் தெரியும் புள்ளிகளும் தோலின் சொரசொரப்பும் அப்படியே தெரிய வேண்டும். தாடை, மூக்கு எதையும் ஒடுக்க வேண்டாம்.

சட்டையில் தாராளமாகக் கை வைக்கலாம். வலது காலர் முனை தூக்கிக்கொண்டிருக்கிறது, அதைப் படிய வையுங்கள். தோள் பக்கம் இருக்கும் சுருக்கங்களைக் குறையுங்கள். பாக்கெட்டில் பேனாவின் மூடி எட்டிப் பார்க்கிறது, எடுத்துவிடுங்கள். கோட், டை வேண்டவே வேண்டாம். நான் போகிற இடத்தில் மேனேஜரே கம்பெனி யூனிஃபார்ம்தான் போட்டிருப்பார். இன்டர்வியூவுக்கும் இதே சட்டையில்தான் போகப்போகிறேன்.

பேக்ரவுண்டில் பச்சைச் சுவரும், காலண்டரின் ஒரு மூலையும், கொடிக்கயிற்றின் நிழலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெளிர் சாம்பல் நிறம் போடுங்கள். வெள்ளை வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஹெச்.ஆரில் ரெஸ்யூமைப் பெரும்பாலும் கருப்பு வெள்ளை லேசர் பிரிண்ட்டில்தான் எடுத்து மேசையில் வைப்பார்கள். வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் வெள்ளை வந்தால் பேப்பரில் தோளே காணாமல் போய்த் தலை மட்டும் மிதக்கும். முடிந்தால் அனுப்புவதற்கு முன் நீங்களும் ஒருமுறை கருப்பு வெள்ளையில் மாற்றிப் பார்த்துவிடுங்கள். தலைமுடி ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி விடாமல், காதோரம் சிலும்பி நிற்கும் ஒன்றிரண்டு முடியை அப்படியே விட்டால் இயல்பாக இருக்கும். அந்த முடிகளிலும் சுவரின் பச்சை ஒட்டியிருக்கும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு அளவில் வேண்டும். ஒன்று பாஸ்போர்ட் சைஸ், 35 x 45 மி.மீ., 300 dpi. அதை ரெஸ்யூமிலும் வைப்பேன், பிரிண்ட்டும் போட்டுக்கொள்வேன். இன்னொன்று லிங்க்ட்இன்னுக்குச் சதுரமாக. அங்கே அது வட்டமாக வெட்டித் தெரியும் என்பதால் தலைக்கு மேலேயும் தோளுக்கு இரு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள். இரண்டும் JPEG போதும். பாஸ்போர்ட், அரசுத் தேர்வு விண்ணப்பம் மாதிரி எதற்கும் இதைப் பயன்படுத்த மாட்டேன். அதற்கெல்லாம் எடிட் பண்ணாத படம் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

கட்டணம் எவ்வளவு என்று சொல்லுங்கள். குமரேசன் 400 ரூபாய் கொடுத்ததாகச் சொன்னார். கண்ணாடி வேலை இருப்பதால் என்னுடையதில் நேரம் கூடுதலாக ஆகும் என்று புரிகிறது. 600 வரை என்னால் முடியும், அதற்கு மேல் ஆகும் என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதியை முதலிலேயே ஜிபே பண்ணிவிடுகிறேன். வியாழக்கிழமைக்குள் சின்ன அளவில் ஒரு மாதிரி அனுப்பினால், வீட்டில் இரண்டு பேரிடம் காட்டிவிட்டு அன்று இரவே பதில் சொல்கிறேன். திருத்தம் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் எழுதுகிறேன், திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இன்னொரு வேண்டுகோள். எடிட்டிங்குக்கு முன், பின் என்று இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து இன்ஸ்டாகிராமில் போடுவது உங்கள் தொழிலுக்குத் தேவை என்று தெரியும். என் படத்தை மட்டும் போட வேண்டாம். இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கும் நேரம், கூச்சமாக இருக்கிறது. வேலை கிடைத்த பிறகு கேளுங்கள், யோசிக்கிறேன். ஃபைல்களையும் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுங்கள்.

போனில் பேச வேண்டும் என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடலாம். பகலில் அப்பாவோடு மண்டியில் இருப்பேன், அங்கே சத்தத்தில் ஒன்றும் கேட்காது. என் நம்பரை குமரேசன் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். உங்கள் பதில் பார்த்ததும் அட்வான்ஸ் அனுப்புகிறேன்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
மு. மாதேஷ்
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

இணைப்பு: IMG_2041.jpg, IMG_2043.jpg, IMG_2044.jpg, outdoor_ref.jpg, old_studio.jpg