முறுக்கு டப்பா தொடர்பான புகார் மனு

அனுப்புநர்:
செந்தில் (மணப்பாறை), அருள் (ஸ்ரீவில்லிபுத்தூர்), பாஸ்கர் (தூத்துக்குடி),
இரண்டாம் மாடி, வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
திரு. கிஷோர் (ஈரோடு) அவர்கள்,
அதே மாடி, அதே வீடு, ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே விரித்த பாய்.

நாள்: 02.11.2025

பொருள்: நொறுக்குத்தீனி – டப்பாக்கள் காலியாதல் – தொடர் நிகழ்வு – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. அருளின் வாய்மொழிக் கண்டனம், நாள் 12.10.2025.
2. முறுக்கு டப்பாவின் மேல் ஒட்டப்பட்ட "தொடாதே" என்ற சீட்டு, நாள் 23.10.2025.
3. மேற்படி சீட்டின் அடியில் தங்கள் கையெழுத்தில் காணப்பட்ட "செம மச்சி, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்" என்ற குறிப்பு, நாள் 24.10.2025.

ஐயா,

வணக்கம். தீபாவளி முடிந்து 22-ஆம் தேதி விடியற்காலை கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கியபோது, கீழே கையொப்பமிட்டுள்ள செந்திலின் பையில் 42 மணப்பாறை முறுக்குகள் இருந்தன. எண்ணித்தான் வைத்தோம். இந்த வீட்டில் இரண்டு வருடம் குடியிருந்த எவனும் எண்ணாமல் வைக்க மாட்டான். 24-ஆம் தேதி இரவு டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு முறுக்கு உட்கார்ந்திருந்தது.

அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்த மனுவே.

தின்றதைக்கூட மன்னித்துவிடலாம். பசி எல்லாருக்கும் உண்டு. ஆனால் எந்த டப்பாவையும் தாங்கள் முழுதாகக் காலி செய்வதில்லை. ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கிறீர்கள். கேட்டால், "நான் எங்கடா காலி பண்ணேன், உள்ள இருக்கு பாரு" என்று டப்பாவைக் குலுக்கிக் காட்டுகிறீர்கள். அது உள்ளே 'லொடக்'கென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் பாஸ்கருக்கு இடது கண் துடிக்கிறது. இருப்பதே ஒன்றுதான் என்றால் அதில் பாதியை மிச்சம் வைக்கிறீர்கள். பாதி காராச்சேவை மிச்சம் வைத்த மனிதரை எங்கள் மூவரின் ஊரிலும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதைக் கடிக்கவே ஒரு பூதக்கண்ணாடி வேண்டுமே ஐயா?

அடுத்து, மக்ரூன் விவகாரம். அக்டோபர் 11, புரட்டாசி நான்காம் சனிக்கிழமை. நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு, நாங்கள் ஆம்லெட் போட்ட தோசைக்கல்லைக்கூடத் தொட மாட்டேன் என்று தாங்கள் ஒதுங்கி நின்ற நாள். அன்று மாலை பாஸ்கரின் தூத்துக்குடி மக்ரூன் கால் கிலோ மறைந்தது. தங்கள் மீசையில் வெள்ளைத் தூள். விபூதி என்றீர்கள். நாமக்காரர் மீசைக்கு விபூதி எப்படி வந்தது என்ற கேள்வி இன்றுவரை நிலுவையில் உள்ளது. மக்ரூன் முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அடித்துச் செய்வது என்று பாஸ்கர் எடுத்துச் சொன்னபோது, தாங்கள் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கேட்டது: "வெள்ளை மட்டும்தானே?" பெருமாள் இதைக் கேட்டிருந்தால் சங்கையும் சக்கரத்தையும் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்திருப்பார்.

இதற்குத்தான் மறுநாள் அருள் வாய்மொழியாகக் கண்டனம் தெரிவித்தான் (பார்வை 1). மக்ரூன் பாஸ்கருடையது ஆயிற்றே, அருள் ஏன் கத்தினான் என்றால், அவனுடைய பால்கோவாவும் அதே வாரம் போயிருந்தது. அதற்குத் தாங்கள் அளித்த விளக்கம், "பால் ஐட்டம்டா, நாள் ஆனா கெட்டுப்போயிடும், வீணாகக்கூடாதுன்னு சாப்பிட்டேன்." அரைக் கிலோ பால்கோவா ஊரிலிருந்து வந்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது. சூடுகூட முழுசாக ஆறவில்லை என்று அருள் சத்தியம் செய்கிறான். உணவு வீணாகக் கூடாது என்ற தங்கள் கொள்கை, ஞாயிற்றுக்கிழமை அருள் வைக்கும் கத்தரிக்காய்க் கூட்டு விஷயத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது என்று தெரியவில்லை.

இரவு உணவுக்குத் தாங்கள் டயட். "சோறு வேணாம்டா, கார்ப்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுவீர்கள். நாங்களும் பாவம் பட்டினி கிடக்கிறானே என்று இரண்டு மாதம் வருத்தப்பட்டோம். இரவு ஒன்றரை மணிக்கு சமையலறையில் கவர் சரசரக்கும். முதலில் எலி என்று நினைத்துப் பொறி வாங்கி வைத்தோம். 90 ரூபாய். பொறிக்குள் வைத்திருந்த கடலை மிட்டாய் காணாமல் போயிற்று, பொறி மட்டும் மூடவே இல்லை. எலியாக இருந்தால் மாட்டியிருக்கும்.

தங்களைக் குண்டோதரன் என்று வீட்டு ஓனர் கூப்பிடுவதை நாங்கள் வன்மையாக ஆட்சேபிக்கிறோம். குண்டோதரன் சார்பாக. மீனாட்சி கல்யாணத்தில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிஞ்சிக் கிடந்ததைத்தான் அவன் சாப்பிட்டான்; அதுவும் பெண் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறினார்கள். தாங்கள் பரிமாற நேரம் தருவதில்லை. அவன் தாகத்துக்குச் சிவபெருமான் வைகையை வரவழைத்தார். தங்கள் தாகத்துக்கு நாங்கள் 20 லிட்டர் கேன் வாங்குகிறோம். கேன் தீர்ந்தால் அடுத்ததுக்கு ஃபோன் செய்வதாவது தாங்கள் செய்யலாம். அந்தப் புதுக் கேனைத் தூக்கிக் கவிழ்க்க மட்டும் தங்களுக்கு முதுகு வலி.

பதுக்கல் முயற்சிகளையும் பதிவு செய்து வைக்கிறோம். சேவை அரிசி டிரம்முக்குள் புதைத்தோம். மறுநாள் "சோறு நான் வைக்கிறேன்டா" என்று வாழ்க்கையில் முதல்முறையாக அரிசி அளக்கப் போனீர்கள். கடலை மிட்டாயை ஹெல்மெட்டுக்குள் வைத்தோம். ஹெல்மெட் தலைக்கு வந்தது, மிட்டாய் வரவில்லை. கடைசியாக முறுக்கை "துவரம் பருப்பு" என்று எழுதிய டப்பாவில் போட்டோம். அதையும் கண்டுபிடித்தீர்கள். எப்படி என்று கேட்டதற்கு, "நம்ம வீட்ல பருப்பு டப்பா எப்பவாவது நிறைஞ்சு இருந்திருக்கா?" என்றீர்கள். இந்த ஒரு பதிலுக்காகத் தங்களை மெச்சத்தான் வேண்டும். ஆபீஸில் ஒரு டிக்கெட்டை மூடப் பதினோரு நாள் எடுக்கும் அதே மூளைதானா இது?

அல்வாவைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. திருநெல்வேலி அல்வாவைத் தாங்கள் தின்றீர்கள், எங்களுக்கும் அல்வா கொடுத்தீர்கள். அவ்வளவுதான்.

தங்கள் பங்களிப்பு என்ன என்று பார்க்கும்போது, இரண்டு வருடத்தில் ஈரோட்டிலிருந்து தாங்கள் கொண்டுவந்தது கால் கிலோ மஞ்சள் தூள். இதைச் சுட்டிக்காட்டியபோது தாங்கள் வைத்த வாதம்: மணப்பாறை முறுக்கு 2023-ல்தான் புவிசார் குறியீடு வாங்கியது, கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல், ஆனால் ஈரோட்டு மஞ்சள் 2019-லேயே வாங்கிவிட்டது, ஆகவே தாங்கள்தான் சீனியர். தகவல் சரி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதே 2019 என்பதை மட்டும் அருள் இங்கே குறுக்கே எழுதச் சொல்கிறான். ஆனால் ஐயா, சாயங்காலம் டீக்கு மஞ்சள் தூளைக் கடித்துக்கொள்ள முடியாது. பாஸ்கர் முயற்சி செய்து பார்த்தான், இரண்டு நாள் பல் காட்டாமல் ஆபீஸ் போனான்.

இனி மிக முக்கியமான குற்றச்சாட்டு. அருளின் அம்மா போனில் அழைத்தால் தாங்கள் பிடுங்கிப் பேசுகிறீர்கள். "அம்மா, அதிரசம் இந்தத் தடவை பதம் பிரமாதமா வந்திருக்கும்மா, ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல மெத்துன்னு" என்கிறீர்கள். இருபத்தாறு வருடம் அந்தக் கையால் தின்று வளர்ந்த அருள் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை என்று அம்மா எடுத்த எடுப்பில் அவனைத் திட்டுகிறார். இப்போதெல்லாம் முதல் கேள்வியே "கிஷோர் தம்பி சாப்பிட்டானா?" பெற்ற பிள்ளை சாப்பிட்டானா என்பது மூன்றாவது கேள்வி; நடுவில் ஓசூரில் இருக்கும் அக்கா வீட்டு நாய் வருகிறது. இந்தத் தீபாவளிக்குத் தங்களுக்கென்று தனியாக ஒரு பொட்டலமே வந்தது, மேலே பால்பாயிண்ட் பேனாவில் "கிஷோருக்கு மட்டும்" என்று. அருளுக்கு வந்ததைவிடக் கனம்.

அந்தப் பொட்டலத்தை என்ன செய்தீர்கள்? நம்பர் பூட்டு போட்ட டிராலி பெட்டிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். பூட்டிவிட்டு வந்து எங்கள் டப்பாவைத் திறந்தீர்கள். "என்னடா இது நியாயம்?" என்றதற்கு, "டேய், அது எனக்கு வந்தது" என்றீர்கள்.

டேய் கிஷோரு. அப்போ இது எங்களுக்கு வந்ததுடா.

மன்னிக்கவும். மனுவின் நடை கொஞ்சம் பிசகிவிட்டது.

எனவே, மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, இந்த மடல் கண்ட மூன்று நாட்களுக்குள் தங்கள் பெட்டியின் பூட்டு எண்ணை எங்களுக்குத் தெரிவிக்குமாறும், தவறினால் வைஃபை பாஸ்வேர்டு மாற்றப்படும் என்றும் இதன்வழி அறிவிக்கலாகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது குறைந்தது ஒரு கிலோ தின்னக்கூடிய பொருள் கொண்டுவர வேண்டும். மஞ்சள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. கிழங்காக இருந்தாலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள, ஆனால் வயிறு காய்ந்த,
செந்தில், அருள், பாஸ்கர்

இணைப்பு:
1. "தொடாதே" சீட்டு, தங்கள் விமர்சனத்துடன் (அசல்).
2. எலிப்பொறி ரசீது.
3. சான்றுப் பொருள்: மணப்பாறை முறுக்கு, எண்ணிக்கை 1.

நகல்:
வீட்டு ஓனருக்கு, தகவலுக்காக.
அருளின் அம்மாவுக்கு (அனுப்பினால் நமக்குத்தான் திட்டு விழும் என்பதால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது).

திருத்தம்: இணைப்பு 3-ல் "எண்ணிக்கை 1" என்பதை "எண்ணிக்கை ½" என்று படிக்கவும். கையெழுத்து போடப் பேனா தேடி உள்ளே போய்வர எங்களுக்கு நாலு நிமிடம் ஆகிவிட்டது.